அதிக நேரம் படித்தால் அதிக மதிப்பெண் வருமா? கணக்கு சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஒரு கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. அதிக மதிப்பெண் எடுத்த மாணவியின் வாயில் இனிப்பை ஊட்டி முடித்ததும் மைக் நீளும்: "தினமும் எத்தனை மணி நேரம் படிச்சீங்க?" மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று ஏதோ ஓர் எண் வரும்.

அன்று மாலையே அந்த எண் வேறொரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. "அந்தப் பொண்ணு பத்து மணி நேரம் படிச்சிருக்கு. நீ என்ன பண்ணினே?" என்று அப்பா கேட்கிறார். அந்தப் பையனும் பத்து மணி நேரம் உட்கார்ந்தவனாக இருக்கலாம். மதிப்பெண் மட்டும் வரவில்லை. இப்போது அவனுக்கு இரண்டே தீர்ப்புகள்தான் காத்திருக்கின்றன. ஒன்று, 'படிச்சேன்னு பொய் சொல்றான்'. இல்லையென்றால், 'இவனுக்கு மண்டையில ஏறாது'.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் பின்னால் ஒரே கணக்குதான் இருக்கிறது. படிக்கும் நேரம் கூடினால் மதிப்பெண் கூடும், அதனால் மதிப்பெண் குறைந்தால் நேரமோ மூளையோ குறைந்திருக்க வேண்டும் என்கிற கணக்கு. அது எவ்வளவு தூரம் சரி?

ஒட்டுறவு என்றால் என்ன?

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பதற்குப் புள்ளியியலில் ஒட்டுறவு என்று பெயர். அதை ஓர் எண்ணாகச் சொல்வது ஒட்டுறவுக் கெழு. பள்ளிப் பாடநூலிலேயே கார்ல் பியர்சன் பெயரோடு வரும் எண்தான் இது. இதன் மதிப்பு -1 முதல் +1 வரை இருக்கும். ஒன்று ஏறும்போது மற்றதும் பிசகாமல் நேர்கோட்டில் ஏறினால் +1. ஒன்று ஏற ஏற மற்றது அதேபோல் இறங்கினால் -1. இரண்டுக்கும் நேர்கோட்டுத் தொடர்பு ஏதுமில்லை என்றால் 0.

இந்த எண் சொல்வது அவ்வளவுதான். ஏன் சேர்ந்து ஏறுகின்றன, எது எதை ஏற்றுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது சரி, எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால், 'படிப்பதால் பயனில்லை' என்றாவது சொல்லலாமா? அதுவும் முடியாது. எப்படி என்று ஒரு சின்னக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

எட்டு மாணவர்கள், ஒரு கணக்கு

ஒரு வகுப்பில் எட்டு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக நாமே எழுதிக்கொள்ளும் எண்கள் இவை. ஒவ்வொருவரும் வீட்டில் தினமும் படிக்கும் நேரமும், நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்ணும் இதோ:

அ – 1 மணி நேரம், 70 மதிப்பெண்
ஆ – 2 மணி நேரம், 75
இ – 3 மணி நேரம், 80
ஈ – 4 மணி நேரம், 85
உ – 3 மணி நேரம், 60
ஊ – 4 மணி நேரம், 65
எ – 5 மணி நேரம், 70
ஏ – 6 மணி நேரம், 75

எட்டுப் பேரின் சராசரி நேரம் 3.5 மணி. சராசரி மதிப்பெண் 72.5. இப்போது ஒவ்வொருவரும் இந்தச் சராசரிகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, 'ஈ' நேரத்தில் 0.5 மேலே, மதிப்பெண்ணில் 12.5 மேலே. இரண்டையும் பெருக்கினால் 6.25. 'உ' நேரத்தில் 0.5 கீழே, மதிப்பெண்ணில் 12.5 கீழே. அதுவும் 6.25. ஆனால் 'இ' நேரத்தில் 0.5 கீழே இருந்தும் மதிப்பெண்ணில் 7.5 மேலே. பெருக்கினால் -3.75.

இப்படி எட்டுப் பேருக்கும் பெருக்கிக் கூட்டினால் 10 வருகிறது. நேர விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 18. மதிப்பெண் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 450. ஒட்டுறவுக் கெழு:

```
10 ÷ √(18 × 450) = 10 ÷ 90 = 0.11
```

0.11 என்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க அளவு. ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் எத்தனை மதிப்பெண் கூடுகிறது என்று இதே எண்களை வைத்துக் கேட்டால், 10 ÷ 18, அதாவது அரை மதிப்பெண்ணுக்குச் சற்று மேல். இதை ஒரு செய்தியாக எழுதினால் தலைப்பு என்னவாக இருக்கும்? 'படிக்கும் நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை: ஆய்வில் தகவல்!'

ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். முதல் நான்கு பேர், அதாவது அ முதல் ஈ வரை, கீழ்வகுப்பிலிருந்தே அந்தப் பாடத்தில் அடிப்படை பலமாக உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நான்கு பேருக்கு அடிப்படையில் ஓட்டை இருக்கிறது. தங்களுக்கு அது தெரியும் என்பதால்தான் அவர்கள் கூடுதல் நேரம் உட்காருகிறார்கள். இப்போது இரண்டு குழுவையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் குழுவில் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் 5 மதிப்பெண் ஏறுகிறது. இரண்டாவது குழுவிலும் அதே 5 மதிப்பெண். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒட்டுறவு முழுசாக +1!

படிப்புக்குப் பலன் இருந்தது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில் அது மறைந்துபோனது, அவ்வளவுதான். காரணம், யாருக்குப் பாடம் கஷ்டமோ அவர்களே அதிக நேரம் படிக்கிறார்கள். நேரம் அவர்களை மேலே தள்ளுகிறது, பழைய ஓட்டை கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து எண்ணைப் பூஜ்யத்தின் பக்கம் கொண்டுவந்துவிடுகின்றன. நாம் முதலில் பார்த்த பையன் 'ஏ'வாக இருக்கலாம். ஆறு மணி நேரம் படித்து 75 எடுத்தவன், மூன்று மணி நேரம் படித்து 80 எடுத்த 'இ'யோடு ஒப்பிடப்பட்டுத் திட்டு வாங்குகிறான். ஆனால் அவனுடைய ஆறு மணி நேரம் வீணாகவில்லை. மூன்று மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு 60தான் வந்திருக்கும்.

நிஜ ஆய்வுகளில் என்ன நடந்தது?

இது வெறும் காகிதக் கணக்கில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஷூமன் என்ற சமூகவியலாளரும் சக ஆய்வாளர்களும், ஏறக்குறைய பத்தாண்டுகளில் பல முறை, பல விதமாக இந்தத் தொடர்பைத் தேடினார்கள். 1985-ல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்ன முடிவு பலருக்கும் அதிர்ச்சி. மாணவர்கள் படிக்கும் நேரத்துக்கும் அவர்களின் கிரேடுக்கும் இடையே தொடர்பு இருந்தால்கூட அது மிக மிகச் சிறியது. வகுப்புக்கு ஒழுங்காக வருவதுதான் கிரேடோடு அதைவிட நெருங்கிய தொடர்பு காட்டியது.

அப்படின்னா படிப்பது வீணா? 2005-ல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார்கள். வெறுமனே நேரத்தை மட்டும் பார்த்தால் அவர்களுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் மாணவர்கள் முன்பு எடுத்திருந்த மதிப்பெண்கள், அவர்கள் எப்படிப்பட்ட சூழலில் படிக்கிறார்கள் என்பது போன்றவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகு, படிக்கும் நேரத்தின் பங்கு வெளியே தெரிந்தது. நாம் எட்டுப் பேரை இரண்டாகப் பிரித்தோமே, ஏறக்குறைய அதே வேலைதான்.

ஆனால் இங்கேயும் ஓர் இடுக்கு இருக்கிறது. முன்பு எடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பிரித்துவிட்டோம், சரி. அதே குழுவுக்குள் 'ஈ' ஏன் நான்கு மணி நேரம் படித்தார், 'அ' ஏன் ஒரு மணி நேரம் படித்தார்? 'ஈ'க்குப் பாடத்தின் மேல் ஆர்வம் அதிகமாக இருக்கலாம். 'அ' காய்ச்சலில் படுத்திருக்கலாம். அப்படியென்றால் மதிப்பெண்ணைக் கூட்டியது நேரமா, ஆர்வமா? எத்தனை விதமாகப் பிரித்தாலும், நாம் அளக்காத ஏதோ ஒன்று பின்னால் நிற்கத்தான் செய்யும். யார் எவ்வளவு படிப்பது என்பதை அந்தந்த மாணவரே முடிவு செய்யும்வரை இந்தச் சந்தேகம் தீராது.

வழி காட்டிய வீடியோ கேம்

சீட்டுக் குலுக்கிப் போட்டு, 'நீ ஆறு மணி நேரம் படி, நீ இரண்டு மணி நேரம் படி' என்று மாணவர்களுக்குச் சொல்ல முடிந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதை யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் வாழ்க்கையே சில இடங்களில் சீட்டுக் குலுக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்றொரு கல்லூரி இருக்கிறது. அங்கே புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு விடுதி அறைத் தோழர் யார் என்பது, தாங்களே கேட்டு வாங்காதவரை, குருட்டாம்போக்கில்தான் அமையும். டாட் ஸ்டின்பிரிக்னர், ரால்ஃப் ஸ்டின்பிரிக்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2008-ல் அவர்களின் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

அவர்கள் கேட்டது விசித்திரமான கேள்வி: அறைத் தோழர் வீடியோ கேம் கருவியைக் கொண்டுவந்தாரா, இல்லையா? கொண்டுவந்தவரோடு தங்க நேர்ந்த மாணவர்கள், மற்றவர்களைவிடத் தினமும் சுமார் 40 நிமிடம் குறைவாகப் படித்தார்கள். இவர்கள் ஆர்வம் குறைந்தவர்களோ, அடிப்படை பலமில்லாதவர்களோ அல்ல. குலுக்கலில் அந்த அறை விழுந்தது, அவ்வளவுதான். முதல் பருவத்தின் முடிவில் இவர்களின் கிரேடு சராசரி, 4 என்ற உச்ச அளவில், சுமார் 0.24 புள்ளி குறைந்திருந்தது.

40 நிமிடத்துக்கு 0.24 என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.36 புள்ளி. இதே மாணவர்களின் படிக்கும் நேரத்தையும் கிரேடையும் சாதாரணமாகப் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டபோது, ஒரு மணி நேரத்துக்கு 0.04 புள்ளிகூட வரவில்லை. அதாவது, சாதாரண ஒப்பீடு படிப்பின் பலனை ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துக் காட்டியிருக்கிறது. நம் எட்டு மாணவர்களில் ஐந்து மதிப்பெண் அரை மதிப்பெண்ணாகச் சுருங்கியது போலவே.

இந்த முறைக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. வீடியோ கேம் படிக்கும் நேரத்தை மட்டும் குறைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். தூக்கத்தையும் வகுப்புக்குப் போவதையும் சேர்த்துக் கெடுத்திருந்தால், அந்தப் பழியும் படிக்கும் நேரத்தின் தலையில் விழுந்துவிடும். ஆய்வாளர்கள் அந்தக் கோணத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டே, நேரம்தான் முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்னொன்றும் உண்டு. இது ஒரே கல்லூரி, முதல் பருவம். அங்கே ஒரு மணி நேரம் கூடினால் கிடைத்த பலனை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே 12 மணி நேரம் உட்காரும் நீட் மாணவரை 14 மணி நேரம் உட்காரச் சொல்ல முடியாது. இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குப் போவது வேறு. தூக்கத்தை வெட்டிப் பதினான்காவது மணி நேரத்தைச் சேர்ப்பது வேறு.

எண் பெரிதாக வந்தால் நம்பலாமா?

இதுவரை பார்த்தது, ஒட்டுறவு சிறிதாக இருந்தும் பலன் இருந்த கதை. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நான்கே பேரை வைத்துப் பார்ப்போம். இதுவும் நாமே எழுதிக்கொள்ளும் எண்கள்தான்.

இரண்டு மாணவர்களுக்கு வீட்டில் தனி அறை, நல்ல டியூஷன், சந்தேகம் கேட்டால் சொல்லித்தரப் படித்த பெற்றோர். ஒருவர் 4 மணி நேரமும் மற்றவர் 6 மணி நேரமும் படிக்கிறார்கள். இருவருக்கும் 85 மதிப்பெண். இன்னும் இரண்டு பேர் பள்ளி விட்டதும் கடைக்குப் போய் வேலை பார்ப்பவர்கள், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே சமையல் செய்பவர்கள். ஒருவர் 1 மணி நேரமும் மற்றவர் 3 மணி நேரமும் படிக்கிறார்கள். இருவருக்கும் 60.

நான்கு பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒட்டுறவு 0.83. மிகப் பெரிய எண். 'படிக்கும் நேரமே வெற்றியின் ரகசியம்' என்று இதைத் தலைப்பாக்கலாம். ஆனால் எந்தக் குழுவுக்குள்ளும் கூடுதல் நேரம் ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டவில்லை. வீட்டின் வசதிதான் நேரத்தையும் தருகிறது, மதிப்பெண்ணையும் தருகிறது. இந்த எண்ணைக் காட்டி, கடையில் வேலை பார்க்கும் பையனிடம் "இன்னும் ரெண்டு மணி நேரம் முழிச்சிருந்து படி" என்றால், அவன் இழக்கப்போவது தூக்கத்தை மட்டும்தான். அவனுக்குத் தேவையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

காரணம் தலைகீழாகவும் ஓடலாம். மாதத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததால் உற்சாகம் வந்து அதிகம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அங்கே மதிப்பெண்தான் நேரத்தைக் கூட்டுகிறது. ஒட்டுறவுக் கெழுவுக்கு இந்தத் திசையும் தெரியாது.

அந்த 'பத்து மணி நேரம்' யார் அளந்தது?

பெரும்பாலான ஆய்வுகளில் நேரம் என்பது மாணவர் சொல்வதுதான். புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த நேரமும் படித்த நேரமும் ஒன்றல்ல. பக்கத்தில் போன் இருந்தால் இன்னும் மோசம். இப்படி நேரத்தை ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் தாறுமாறாகச் சொன்னால், உண்மையில் வலுவான தொடர்பு இருந்தாலும் எண் சிறிதாகத்தான் வரும். நீளம் மாறிக்கொண்டே இருக்கும் அளவுகோலால் துணியை அளந்தது போல ஆகிவிடும்.

ரிசல்ட் நாள் பேட்டியில் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மைக் போவது அதிக மதிப்பெண் எடுத்தவர்களிடம் மட்டும். அவர்கள் எல்லோரும் பத்து மணி நேரம் படித்ததாகவே வைத்துக்கொள்ளலாம். அதே பத்து மணி நேரம் படித்து 70 சதவீதம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்கு மைக் போவதில்லை. முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லவே முடியாது.

சரி, வீட்டில் என்ன கேட்கலாம்?

'நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு' என்றோ, 'இல்லை' என்றோ அடுத்த முறை ஒரு செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யாரையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள், நேரத்தை எப்படி அளந்தார்கள், ஒரே மாதிரி அடிப்படையும் வசதியும் உள்ளவர்களை ஒப்பிட்டார்களா? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால், அந்த எண்ணை வைத்து எந்தப் பிள்ளையிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வு எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அது சொல்வது சராசரியைத்தான். கூடுதலாக ஒரு மணி நேரம் படித்தால் சராசரியாக இவ்வளவு ஏறும் என்பதிலிருந்து, உங்கள் பிள்ளைக்கு ஏறவில்லை என்றால் அவன் பொய் சொல்கிறான் என்று வராது. மண்டையில் ஏறாது என்றும் வராது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது நம் எட்டுப் பேரையும் கலந்து கணக்குப் போட்டதற்குச் சமம். அதைவிட நம்பகமான ஒப்பீடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: அதே பிள்ளை, அதே பாடம், போன மாதத் தேர்வும் இந்த மாதத் தேர்வும். வினாத்தாளின் கடினம் மாறியிருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். நேரம் கூடியும் மதிப்பெண் நகரவில்லை என்றால், "இன்னும் எத்தனை மணி நேரம் உட்காரணும்?" என்று கேட்க வேண்டாம். விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த இடத்துல மாட்டிக்கிறே?" என்று கேட்கலாம். நேரக் கணக்கு மட்டும் காட்டாத அந்த ஓட்டை பல நேரங்களில் விடைத்தாளில் சிவப்பு மையில் இருக்கும்.